பத்து மீட்டர்க் கணக்கில் உச்ச வேகம்



நூறு மீட்டர் ஓட்டத்தில் வென்றவர் எத்தனை விநாடியில் ஓடினார் என்பதைச் செய்தித்தாள்கள் அச்சிடுகின்றன. 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டு வீரர் அனிமேஷ் குஜூர் அத்தூரத்தை 10.18 விநாடியில் கடந்தார். நூறைப் பத்தே காலுக்குச் சற்றுக் குறைந்த அவ்வெண்ணால் வகுத்தால் விநாடிக்கு 9.82 மீட்டர் என்று கிடைக்கிறது. இது சராசரி வேகம். ஆயின், ஓட்டத்தின் நடுவே அவர் மிக விரைவாகச் சென்ற அந்தக் கணத்தில் எவ்வளவு வேகத்தில் சென்றிருப்பார்? முடிவு நேரம் ஒன்றை மட்டும் வைத்துக் கொண்டு இக்கேள்விக்கு விடை கூற இயலாது. தொடக்கத்தில் அவர் அசையாது குந்தியிருந்தவர். அந்நிலையிலிருந்து வேகம் ஏறி, ஓரிடத்தில் உச்சியைத் தொட்டு, பின்னர்ச் சிறிது தணிகிறது. அந்த உச்சியைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், பாதையைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு துண்டிற்கும் ஆன நேரத்தை அறிய வேண்டும். வழக்கமாகப் பத்து மீட்டருக்கு ஒரு துண்டு என்று கொள்கிறார்கள். அந்தப் பத்து எண்களிலிருந்து உச்ச வேகத்தை எவ்வாறு பிரித்தெடுப்பது, அவ்விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையே இன்று பேச எண்ணுகிறேன். கையில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நல்லது.

கணக்குப் போடுவதற்கு உலகறிந்த ஓட்டம் ஒன்றை எடுத்துக் கொள்வோம். 2009-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் நாள் பெர்லின் நகரில் ஜமெய்க்கா நாட்டு வீரர் உசைன் போல்ட் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். அவ்வோட்டத்திற்குப் பரவலாக வழங்கும் பத்து மீட்டர்ப் பட்டியல் இது. துப்பாக்கி ஒலித்த கணத்திலிருந்து, 10 மீட்டரில் 1.89 விநாடி, 20-இல் 2.88, 30-இல் 3.78, 40-இல் 4.64, 50-இல் 5.47, 60-இல் 6.29; 70-இல் 7.10, 80-இல் 7.92, 90-இல் 8.75, 100-இல் 9.58.

இனி ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அதற்கு முந்திய எண்ணைக் கழியுங்கள். முதல் துண்டு 1.89. அடுத்து 0.99, 0.90, 0.86, 0.83, 0.82, 0.81, 0.82, 0.83, 0.83. எண்கள் படிப்படியாக இறங்கி, 60-க்கும் 70-க்கும் இடையே 0.81 என்ற மிகச் சிறிய எண்ணை அடைந்து, மீண்டும் ஏறுவதைக் காண்கிறீர்கள். பத்தை 0.81-ஆல் வகுத்தால் 12.35. அதாவது விநாடிக்கு 12.35 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 44.4 கிலோமீட்டர். முழு ஓட்டத்தின் சராசரியோ விநாடிக்கு 10.44 மீட்டர்தான். சராசரிக்கும் உச்சத்திற்கும் இடையே எத்துணை வேறுபாடு, பாருங்கள்!

இங்கே ஒரு நல்ல செய்தி மறைந்திருக்கிறது. துப்பாக்கி வெடித்தபின் போல்ட்டின் கால்கள் உந்துகட்டையை அழுத்தத் தொடங்க 0.146 விநாடி ஆயிற்று. முதல் துண்டின் 1.89 விநாடியில் அந்தத் தாமதமும் அடங்கியிருக்கிறது. அதனால் உச்ச வேகக் கணக்கு கெடுமோ என்ற ஐயம் வேண்டியதில்லை. பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு ஏற்றிய வண்டியை எடைமேடையில் நிறுத்தி ஒரு முறை நிறுக்கிறார்கள்; கரும்பை இறக்கிய பின் வெறும் வண்டியை மறுமுறை நிறுத்துக் கழிக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு மேடை எப்போதும் ஐம்பது கிலோ கூட்டியே காட்டுவதாக வைத்துக் கொள்வோம். இரண்டு முறையும் அதே ஐம்பது கிலோ கூடியிருப்பதால், கழிக்கும்போது அது மறைந்து விடும். கரும்பின் எடை சரியாகவே வரும். நம்முடைய கணக்கும் அத்தகையதே. எல்லா நேரங்களும் ஒரே கடிகாரத்தில், ஒரே தொடக்கத்திலிருந்து எண்ணப்பட்டவை என்றால், தொடக்கத்தில் நேர்ந்த பிழை எதுவாயினும் கழித்தலில் ஒழிந்து போகிறது. கடிகாரத்தை அரை விநாடி தாமதமாக முடுக்கியிருந்தாலும் 0.81 என்பது 0.81-ஆகவே இருக்கும்.

ஆனால், ஒழியாத பிழை ஒன்றும் உண்டு. மேற்சொன்ன நேரங்கள் எல்லாம் நூற்றில் ஒரு விநாடி வரையிலேயே கூறப்பட்டிருக்கின்றன. 6.29 என்று எழுதியிருந்தால், உண்மை நேரம் 6.285-க்கும் 6.295-க்கும் இடையே எங்கேனும் இருக்கலாம். 7.10 என்பதும் அவ்வாறே. ஒரு முனையில் அரை நூற்றுக்கூறு, மறு முனையில் அரை நூற்றுக்கூறு. இரண்டும் எதிர் எதிராகச் சேர்ந்தால் முழு நூற்றுக்கூறு ஆகிவிடுகிறது. ஆகவே 0.81 என்ற நம் எண் உண்மையில் 0.80-ஆகவும் இருக்கலாம், 0.82-ஆகவும் இருக்கலாம். பத்தை 0.80-ஆல் வகுத்தால் 12.50, 0.82-ஆல் வகுத்தால் 12.20. நாம் 12.35 என்று இரண்டு தசம இடங்களுக்கு எழுதினோமே, அதன் இரண்டாம் இடம் மட்டுமன்று, முதல் இடமே ஆட்டம் காண்கிறது! மேலும், 60-க்கும் 70-க்கும் இடையேதான் உச்சம் வந்தது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அதன் இருபுறத்தும் நிற்கும் 0.82-களுக்கும் இந்த 0.81-க்கும் உள்ள வேறுபாடு, எண்களைக் குறுக்கி எழுதியதால் மட்டுமே தோன்றியதாகவும் இருக்கலாம். நூல்களிலும் விளையாட்டுச் செய்திகளிலும் மிகக் குறைந்த ஒரு துண்டை எடுத்து வகுத்து, வந்த விடையை அப்படியே உச்ச வேகம் என்று எழுதிவிடுகிறார்கள். பத்துத் துண்டுகளில் மிகச் சிறியதைப் பொறுக்கி எடுக்கும்போது, பிழையால் சிறுத்துப் போன துண்டையும் சேர்த்தே பொறுக்குகிறோம் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. அதனால் அவ்வழக்கம் உண்மைக்கு மேலான விடையையே பெரும்பாலும் தரும்.

சரி, துண்டைப் பெரிதாக்கினால் என்ன? 50 மீட்டரிலிருந்து 80 மீட்டர் வரை ஒரே துண்டாகக் கொள்வோம். 7.92-இல் 5.47 போக 2.45. முப்பதை 2.45-ஆல் வகுத்தால் 12.24. இங்கும் பிழை அதே நூற்றில் ஒன்றுதான். ஆனால் அது இப்போது 0.81 விநாடியில் அன்று, 2.45 விநாடியில் பரவுகிறது. ஆதலால் வேகத்தில் நேரும் ஐயம் 0.15-லிருந்து 0.05-ஆகக் குறைந்து விடுகிறது. இலாபந்தான். எனினும் இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். குன்றின் உயரத்தை அறிய விரும்பிய ஒருவன், உச்சியை மட்டும் அளவாமல், உச்சியைச் சுற்றிய சரிவுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் குன்று தாழ்ந்து போகுமன்றோ? முப்பது மீட்டர்ச் சராசரியும் அவ்வாறே உச்சத்தைத் தாழ்த்திக் காட்டும்.

எவ்வளவு தாழ்த்தும் என்பதையும் கணக்கிடலாம். உச்சியின் அருகில் எந்த வளைகோடும் ஏறத்தாழப் பரவளைவாகவே இருக்கும். அதாவது, உச்சியிலிருந்து விலகும் தூரத்தின் வர்க்கத்திற்கேற்ப வேகம் குறையும். நம் பட்டியலில் உச்சத் துண்டின் வேகம் 12.35, பத்து மீட்டர் தள்ளியுள்ள துண்டின் வேகம் 12.20. வேறுபாடு 0.15. பரவளைவின் இயல்புப்படி, பத்து மீட்டர் அகலத்தில் எடுக்கும் சராசரி உண்மை உச்சத்தைவிட இந்த 0.15-இல் பன்னிரண்டில் ஒரு பங்கு குறைவாக இருக்கும். அது 0.01-க்குச் சற்று மேல், பொருட்படுத்தத் தக்கதன்று. அகலம் மும்மடங்கானாலோ குறைவு ஒன்பது மடங்காகும். முப்பது மீட்டர்ச் சராசரி 0.11 அளவு தாழ்ந்து போகும். கல்லூரி மாணவர்கள் தொகையீடு செய்து இதனைத் தாங்களே சரிபார்க்கலாம்.

இப்போது நிலைமை தெளிவாகிறது. பத்து மீட்டர்த் துண்டு, உச்சியைத் தாழ்த்துவதில்லை. ஆனால் நேரப் பிழையால் தள்ளாடுகிறது. முப்பது மீட்டர்த் துண்டு தள்ளாடுவதில்லை. ஆனால் உச்சியைத் தாழ்த்துகிறது. இரண்டின் நன்மையையும் ஒருங்கே பெற ஒரு வழி உண்டு. ஐந்து அடுத்தடுத்த துண்டுகளின் வேகங்களை எடுத்துக் கொண்டு, அவ்வைந்து புள்ளிகளுக்கும் மிக நெருங்கிச் செல்லும் பரவளைவு ஒன்றை வரைந்து, அதன் நடு உயரத்தைப் படிக்க வேண்டும். வரைவதற்குக்கூடத் தேவையில்லை. ஐந்து எடைகளை மனத்தில் வைத்துக் கொண்டால் போதும்: குறை 3, 12, 17, 12, குறை 3. நடுத் துண்டின் வேகத்தை 17-ஆல் பெருக்குங்கள். அதன் இருபக்கத்து வேகங்களை 12-ஆல் பெருக்குங்கள். ஓரங்களில் உள்ள இரண்டையும் 3-ஆல் பெருக்கிக் கழித்து விடுங்கள். வருவதை 35-ஆல் வகுங்கள். அளவுகளைச் சீராக்கும் இம்முறையைச் சவிட்ஸ்கி, கோலே என்ற இரு அறிஞர்கள் 1964-இல் வெளியிட்ட கட்டுரை வேதியியல் ஆய்வுக்கூடங்களில் எல்லாம் பரப்பியது.

கழிக்கும் எடை எங்கிருந்து வந்தது என்று வியப்புறுவீர்கள். சோதித்துப் பாருங்கள். ஐந்து எடைகளையும் கூட்டினால் 35 வருகிறது. ஆகவே ஐந்து வேகங்களும் சமமாயிருந்தால் அதே வேகமே விடையாக வரும். இனி வேகங்களுக்குப் பதிலாக 4, 1, 0, 1, 4 என்ற வர்க்க எண்களை வையுங்கள். ஓரங்கள் இரண்டும் சேர்ந்து குறை 24, பக்கங்கள் இரண்டும் சேர்ந்து 24, நடுவில் சுழி. விடை சுழி. நடுப் புள்ளியின் மெய்யான மதிப்பும் சுழிதானே! வெறும் சராசரி எடுத்திருந்தால் 2 என்று தவறாக வந்திருக்கும். ஓரங்கள் சராசரியைத் தாழ்த்த முயல்வதை அந்தக் கழித்தல் எடைகள் ஈடு செய்கின்றன.

பெர்லின் ஓட்டத்திற்கு இதனைப் பொருத்துவோம். 40-லிருந்து 90 வரையுள்ள ஐந்து துண்டுகளின் வேகங்கள் 12.05, 12.20, 12.35, 12.20, 12.05. ஓரங்களின் கூட்டுத்தொகையை 3-ஆல் பெருக்க 72.3, பக்கங்களின் கூட்டுத்தொகையை 12-ஆல் பெருக்க 292.7, நடுவை 17-ஆல் பெருக்க 209.9. பின்னவை இரண்டையும் கூட்டி முன்னதைக் கழித்தால் 430.3. அதனை 35-ஆல் வகுத்தால் 12.29. ஆகவே போல்ட்டின் உச்ச வேகம் விநாடிக்கு 12.3 மீட்டர் என்று நிறுத்திக் கொள்ளலாம். மணிக்கு 44 கிலோமீட்டருக்குச் சிறிது மேல். அன்று விநாடிக்கு 0.9 மீட்டர் அளவில் முதுகுக் காற்று வீசியதையும் நினைவிற் கொள்க.

இந்த விடை மற்றோர் ஓட்டத்தோடு எவ்வாறு ஒத்து நிற்கிறது என்று பார்ப்போம். அதற்கு ஓராண்டிற்கு முன், 2008 ஆகஸ்ட் 16-இல் பீஜிங் ஒலிம்பிக்கில், காற்றே இல்லாத நிலையில், போல்ட் 9.69 விநாடியில் ஓடியிருந்தார். அங்கே நான்காம் துண்டிற்குப் பின் வந்தவை 0.85, 0.82, 0.82, 0.82, 0.83, இறுதியில் 0.90. ஐந்தெண் முறைப்படி உச்சம் 12.24 வருகிறது. பெர்லினுக்கும் பீஜிங்கிற்கும் முடிவு நேரத்தில் 0.11 விநாடி வேறுபாடு. உச்ச வேகத்திலோ நம் ஐயத்தின் எல்லைக்குள் அடங்கிவிடும் வேறுபாடே. அப்படியானால் அந்த 0.11 எங்கே போயிற்று? 90 மீட்டரில் இரு ஓட்டங்களின் நேரம் 8.75, 8.79, அதுவரை 0.04 மட்டுமே வேறுபாடு. எஞ்சிய 0.07 கடைசிப் பத்து மீட்டரில் கழிந்தது. வெற்றி உறுதியென்று கண்டு கைகளை விரித்து மார்பைத் தட்டிக் கொண்டு ஓடியதன் விலை அது. துண்டு நேரங்கள் இல்லையேல் இச்செய்தியைக் கண்ணால் ஊகிக்கலாமே தவிர எண்ணால் கூற முடியாது.

இனி, சற்று வில்லங்கமான ஓர் இடத்திற்கு வருகிறேன். போல்ட்டின் உச்ச வேகம் மணிக்கு 44.72 கிலோமீட்டர் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது வேறொரு பட்டியலிலிருந்து பிறந்தது. பெர்லின் போட்டியை ஆராய்ந்த உடலியக்க அறிஞர் குழு இருபது மீட்டருக்கு ஒரு முறை நேரம் குறித்தது. அதன்படி 40 மீட்டரில் 4.64, 60-இல் 6.31, 80-இல் 7.92, நூறில் 9.58. இருபது மீட்டரை 1.61 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 12.42 மீட்டர், அதுவே மணிக்கு 44.72 கிலோமீட்டர். இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 40, 80, 100 ஆகிய இடங்களில் அவை முற்றும் ஒத்துப் போகின்றன. 60-இல் மட்டும் ஒன்று 6.29, மற்றொன்று 6.31. வேறுபாடு நூற்றில் இரண்டு விநாடி. பன்னிரண்டு மீட்டர் வேகத்தில் செல்லும் ஒருவர் அந்நேரத்தில் சுமார் 24 சென்டிமீட்டர், ஒரு சாண் தூரத்திற்குச் சற்றுக் கூடுதலாக, நகர்ந்திருப்பார். அந்த ஒரு சாண் வேறுபாடு, 60-லிருந்து 80 வரையுள்ள வேகத்தை 12.27-லிருந்து 12.42-க்கு உயர்த்திவிட்டது.

எதனை ஏற்பது? இருபது மீட்டர்ப் பட்டியலை ஏற்றால் 40-60-இல் வேகம் 11.98, அடுத்து 12.42, அடுத்து 12.05. ஈட்டி முனை போலத் திடீரென ஏறி இறங்கும் உச்சம் அது. பீஜிங்கில் நாம் கண்டதோ, முப்பது மீட்டர் நீளத்திற்குச் சமதளமாகக் கிடந்த உச்சம். முழு வேகத்தை எட்டிய மனிதனிடம் மேலும் முடுக்குவதற்கு மிஞ்சிய ஆற்றல் மிகச் சிறிது. ஆகவே அவனுடைய வேகக் கோடு மெல்லவே வளையும். கூர்மையான உச்சம் தென்பட்டால், அங்கே ஓடியவரைவிட நேரம் குறித்த குறியின் மீதே நான் முதலில் ஐயம் கொள்வேன். அதனால் 12.3 என்றே நிற்க விரும்புகிறேன். வேறு சான்று உடையவர்கள் என்னோடு மாறுபடலாம்.

இத்தகைய அளவுகளுக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. உடலியல் அறிஞர் ஏ. வி. ஹில் தம் துணைவர்களோடு சேர்ந்து விரைவோட்டத்தின் இயக்கம் பற்றிய ஆய்வினை 1927-இல் வெளியிட்டார். பாதையோரத்தில் குறித்த தொலைவுகளில் கம்பிச் சுருள்களை நிறுத்தி, ஓடுபவர் உடலில் சிறு காந்தத்தைக் கட்டிவிடுவார்கள். காந்தம் சுருளைக் கடக்குந்தோறும் சுருளில் மின்சாரம் தூண்டப்பெற்று மின்னோட்டமானியின் ஊசி அசையும். அந்த அசைவு பதிவாகும். ஒரே கருவி, ஒரே கால ஓட்டம், பல இடங்கள். மனிதக் கை இடையில் இல்லை. நான் முன்பு சொன்ன எடைமேடையின் நேர்மை அதில் இருந்தது.

நம் ஊரில் இதனைச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் அந்த நேர்மையை எளிதில் இழந்து விடுவார்கள். எறையூரில் மண் தரையில் நூறு மீட்டர் அளந்து, மாணவர் ஒருவரை ஓடச் செய்து, இருவகையாக நேரம் குறித்துப் பார்த்தோம். முதல் வகையில் பத்து இடங்களிலும் பத்து மாணவர்கள் நிறுத்துக் கடிகாரத்தோடு நின்றார்கள். ஒவ்வொருவரும் கொடி இறங்கியபோது தம் கடிகாரத்தை முடுக்கி, ஓடுபவர் தம்மைக் கடந்தபோது நிறுத்தினர். வந்த துண்டுகளில் ஒன்று 0.95 விநாடி, அதற்கடுத்தது 1.21. முதலாவதை வகுத்தால் விநாடிக்கு 10.5 மீட்டர். மாவட்டமே கொண்டாட வேண்டிய வேகம்! அடுத்த துண்டிலோ 8.3. யாரோ பின்னிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தால் ஒழிய, பத்து மீட்டருக்குள் ஒருவருடைய வேகம் இவ்வளவு வீழாது. இங்கே பத்துக் கடிகாரங்கள், பத்துத் தொடக்கங்கள். ஒவ்வொரு விரலும் தன் தன் தாமதத்தோடு அழுத்தியது. ஒருவர் பிழை மற்றவர் பிழையோடு கழிந்து போக வழியில்லை. ஏற்றிய வண்டியை ஒரு மேடையிலும் வெறும் வண்டியை வேறொரு மேடையிலும் நிறுத்தது போலாயிற்று. ஒரு துண்டு அளவுக்கு மீறிக் குறைந்து அதன் அண்டைத் துண்டு அதே அளவு நீண்டிருந்தால், இடையில் உள்ள குறியின் நேரமே பிழை என்று அறிந்து கொள்ளலாம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: 2.16 விநாடியில் 20 மீட்டர், 9.26. உண்மை அதன் அருகில்தான் இருந்தது என்பது பின்னர்த் தெரிந்தது.

இரண்டாம் வகையில் கைபேசியின் படக்கருவியைப் பயன்படுத்தினோம். விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்ட வசதி இப்போது பல கைபேசிகளில் இருக்கிறது. சாதாரணமாக எடுக்கும் விநாடிக்கு 30 படங்கள் போதா. ஒரு படத்திற்கும் அடுத்ததற்கும் இடையே முப்பதில் ஒரு விநாடி கழிந்துவிடும். ஐம்பதாவது மீட்டருக்கு நேர் எதிரே, தடத்திலிருந்து 40 மீட்டர் தள்ளி, முக்காலியின் மீது கருவியை நிறுத்தி, ஓடுபவரைத் தொடர்ந்து அதனைத் திருப்பிக் கொண்டே போனோம். தடத்தின் அருகே நட்ட கழிகளை அவருடைய மார்பு கடக்கும் படத்தின் எண்ணைக் குறித்தோம். ஒரே கடிகாரம், எனவே தொடக்கப் பிழை இல்லை.

ஆனால், இங்கே கண் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. கழிகளைத் தடத்தின் மேலேயே நட முடியாது. ஒரு மீட்டர் இப்பால், கருவியின் பக்கமாக நடுகிறோம். கருவியிலிருந்து கழி 39 மீட்டரிலும் ஓடுபவர் 40 மீட்டரிலும் இருக்கிறார்கள். கருவியிலிருந்து புறப்படும் பார்வைக் கோடுகள் விசிறி போல விரிகின்றன. ஆதலால் கழிகளுக்கிடையே சரியாகப் பத்து மீட்டர் விட்டிருந்தால், அக்கோடுகள் தடத்தைத் தொடும் இடங்களுக்கிடையே 10 மீட்டர் 26 சென்டிமீட்டர் இருக்கும். ஓடுபவர் கூடுதலாக ஓடிய அந்த 26 சென்டிமீட்டர் கணக்கில் ஏறாது. எல்லா வேகங்களும் நூற்றுக்கு இரண்டரை பங்கு குறைந்து வரும். எந்த எடைகளை வைத்துச் சீராக்கினாலும் இப்பிழை நீங்காது, ஏனெனில் இது ஒரே திசையில் விழும் பிழை. பரிகாரம் எளிது. ஐம்பதாவது மீட்டரிலிருந்து ஒவ்வொரு கழியின் தூரத்தையும் நாற்பதில் முப்பத்தொன்பது பங்காகக் குறைத்து நட வேண்டும். 60-ஆவது மீட்டர்க் கழி நடுவிலிருந்து 10 மீட்டரில் அன்று, 9.75 மீட்டரில், 90-ஆவது மீட்டர்க் கழி 40-இல் அன்று, 39-இல். சரியாக நட்டோமா என்று அறிய, தரையில் கோடிட்ட இடத்தில் ஒருவரை நிறுத்திக் கருவியின் வழியே பாருங்கள். கழி அவரை மறைக்க வேண்டும்.

ஓடுபவர் தடத்தின் நடுவை விட்டு விலகினாலும் பிழை வரும். நாற்பது மீட்டர் தொலைவில் நிற்கும் கருவிக்கு, 90-ஆவது மீட்டரில் பார்வைக் கோடு மிகவும் சாய்ந்து செல்கிறது. அங்கே 20 சென்டிமீட்டர் பக்கவாட்டில் விலகினால் நேர்த்தூரத்திலும் 20 சென்டிமீட்டர் தவறும். 60-ஆவது மீட்டரிலோ அதே விலகல் 5 சென்டிமீட்டரே தவறச் செய்யும். உச்சம் எதிர்பார்க்கும் இடத்திற்கு நேரே கருவியை நிறுத்துவதன் காரணம் இதுவே.

இவ்வாறு கிடைத்த துண்டுகள் இவை: 2.06, 1.27, 1.14, 1.09, 1.07, 1.07, 1.09, 1.11, 1.14, 1.17. மொத்தம் 12.21 விநாடி. போல்ட்டுக்கு 60 மீட்டரைக் கடந்தபின் வந்த உச்சம் இம்மாணவருக்கு 40-க்கும் 60-க்கும் இடையிலேயே வந்துவிட்டது. விரைந்து முடுக்கும் காலத்தை நீட்டிக்கும் ஆற்றல் குறைந்தவர்களுக்கு உச்சம் முன்னதாகவே வரும். அதன்பின் தணிவும் மிகுதி. சிறிய துண்டு இரண்டாக இருப்பதால் ஐந்தெண் முறையை இருமுறை பொருத்த வேண்டும். ஐந்தாம் துண்டை நடுவாகக் கொண்டால் 9.35, ஆறாம் துண்டை நடுவாகக் கொண்டால் 9.33. விநாடிக்கு 9.3 மீட்டர் என்று எழுதினோம், மணிக்கு 33.5 கிலோமீட்டர்.

அம்மாணவர் தாளைப் பார்த்து, “ஐயா, முதல் கணக்கில் பத்தரை வந்ததே, அதையே வைத்துக் கொள்ளலாகாதா?” என்று கேட்டார். அதற்கடுத்த துண்டின் 8.3-ஐயும் சேர்த்து வைத்துக் கொள்வதானால் எனக்குத் தடையில்லை என்றேன். சற்று யோசித்து, 9.3-க்கே இசைந்தார். மறுவாரம் கருவியை 45-ஆவது மீட்டருக்கு நேரே நகர்த்தி வைத்து மற்றுமொரு முறை ஓடிப் பார்க்கலாமா என்று கேட்டவரும் அவரே.